கட்டார் டொலரும் அமெரிக்க டொலரும்



போன ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது, ஒரு வாப்பா வந்து என் கையைப் பிடித்தார். "சேர், உங்கட மகனுக்கு வெளிநாட்டால வந்த கேம் கார்ட் வேலை செய்யாமப் போய், பிறகு சரிவந்ததாமே? எங்கட வீட்டயும் அதே பிரச்சினதான்." இதோடு மூன்றாவது ஆள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதை விட, நடந்ததை ஒரே முறையில் எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன். கொஞ்சம் நீளம். வீட்டில் கேம் விளையாடுகிற பிள்ளை இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முந்தி, பாவித்தது ஒன்றை வாங்கினோம். மகன் இப்போது தரம் பத்து. போன நோன்புப் பெருநாளைக்கு, கட்டாரில் வேலை செய்கிற என் மச்சான், அதாவது என் தங்கச்சியின் கணவர், "மருமகனுக்கு இந்த முறை உடுப்பு வேணாம், அவன் கேட்ட கிரிக்கெட் கேம வாங்கிக் குடுப்பம்" என்று சொல்லி, தோஹாவில் ஒரு கடையில் 50 டொலர் கார்ட் ஒன்றை வாங்கினார். பின்பக்கத்தைச் சுரண்டி, உள்ளே இருந்த பன்னிரண்டு எழுத்துக் கோடை படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். நம் காசுக்கு ஏறக்குறைய பதினைந்தாயிரம் ரூபா. வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போய் உழைத்த காசு அது என்பது எனக்குத் தெரியும்.

மகன் கோடை அடித்தான். ஏற்கவில்லை. கோட் பிழையாக இருக்கலாம், அல்லது செல்லுபடியாகாததாக இருக்கலாம் என்ற கருத்தில் ஒரு செய்தி வந்தது. இன்னொரு முறை அடித்தான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, மூன்றாவது முறையும் அடித்தான். அதே செய்தி.

அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்து, நான் செய்தது சரியில்லை. "இத நீ முதலே வேற எதுக்கும் பாவிச்சிட்டியா? கூட்டாளி யாருக்கும் படத்த அனுப்பினியா?" என்று கேட்டேன். "இல்ல வாப்பா, நான் பொய் சொல்லல்ல" என்றான். அந்தச் செய்தியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிழையாக அடித்த கோடுக்கும், ஏற்கெனவே பாவித்த கோடுக்கும், வேறு நாட்டுக்கு உரிய கோடுக்கும் அது ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறது. அதில் நான் நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அங்கே மச்சானும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். சுரண்டிய கார்டை மாற்ற மாட்டோம், கார்ட் சரியானதுதான் என்று கடைக்காரர் சொல்ல, வாய்த்தர்க்கமாகி விட்டதாம். நோன்போடு சண்டை பிடித்ததை நினைத்து இரண்டு நாள் அவருக்குத் தூக்கம் இல்லை. ஒரு கார்டினால் மகன் என்னோடு கதைப்பதில்லை, மச்சான் கடைக்காரரோடு சண்டை, தங்கச்சி எல்லாருக்கும் நடுவில். ஆனால் இதில் பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை. மகன் கோடைச் சரியாகத்தான் அடித்தான். கடைக்காரர் நல்ல கார்டைத்தான் விற்றார்.

விஷயத்தை அவிழ்த்தது என்னிடம் படித்த ஒரு பையன். இப்போது டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். ரீலோட் போடப் போன இடத்தில் கதையைச் சொன்னேன். அவன் கேட்டது ஒரேயொரு கேள்வி: "சேர், மகன்ட எகவுண்ட் எந்த நாட்டு எகவுண்ட்?"

எனக்கு விளங்கவில்லை. இலங்கையில் இருக்கிற பிள்ளையின் கணக்கு எந்த நாட்டுக் கணக்காக இருக்கும்?

அங்கேதான் முதல் பாடம். பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது நாட்டைத் தெரிவு செய்யச் சொல்லும். அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. இந்தியா இருக்கிறது, கட்டார், சவூதி, அமீரகம், ஓமான் எல்லாம் இருக்கின்றன, நாம் இல்லை. எனவே நம் ஊர்ப் பிள்ளைகள் ஏதாவது வேறு நாட்டைத் தெரிவு செய்துதான் உள்ளே போகிறார்கள். பலர் அமெரிக்காவைப் போடுவார்கள். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அமெரிக்காவிலயும் ஒரிகன் மாநிலத்த போட்டிருப்பாங்க சேர். அங்க விற்பனை வரி இல்ல." வீட்டுக்கு வந்து பார்த்தேன். என் மகன் நாலு வருஷமாக ஒரிகன் மாநிலத்தில் குடியிருக்கிறான்! அவன் பத்து வயதில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரிய பையன் திறந்து கொடுத்த கணக்கு அது.

நாம் மட்டும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை. 2024 மே மாதத்தில் ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமைக் கொம்பியூட்டரில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு ஒன்றை இணைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கைத் திறக்கவே முடியாத நாடுகள் நூற்றுக்கும் மேல் இருந்தன. உலகம் முழுவதும் ஆட்சேபம் எழுந்து, சில நாட்களில் அந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள்.

இரண்டாவது பாடம்தான் எங்களை ஏமாற்றியது. ஒவ்வொரு நாட்டுக் கணக்குக்கும் ஒரு தனிக் கடை. அமெரிக்கக் கணக்கோடு போனால் அமெரிக்கக் கடைதான் திறக்கும், கட்டார் கணக்கோடு போனால் கட்டார் கடை. ஒரு கடைக்கு உரிய கார்ட் இன்னொரு கடையில் செல்லாது. இந்தியக் கார்டாக இருந்திருந்தால் அதில் ரூபாய் என்று இருக்கும், வித்தியாசம் என்று உடனே சந்தேகப்பட்டிருப்போம். ஆனால் கட்டார் கடையில் விலை ரியாலில் இல்லை, அமெரிக்க டொலரில்தான் போட்டிருக்கிறது. சவூதியிலும் அமீரகத்திலும் அப்படியே. மச்சான் வாங்கிய கார்டில் 50 டொலர் என்று இருந்தது. மகனின் கணக்கிலும் டொலர். டொலருக்கு டொலர் சரிதானே என்று எல்லோரும் நினைத்தோம். பிறகு மச்சானிடம் கார்டின் பின்பக்கத்தை முழுதாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கட்டாரில் பதிந்த கணக்குக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. கோட் இருந்த இடத்தை மட்டும் படம் எடுத்ததால் அதை நாங்கள் காணவில்லை.

பிள்ளைகளுக்கு நான் இதை இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். சாதாரண தரப் பரீட்சைக்கு உனக்கு அனுமதி அட்டை வந்திருக்கிறது. அட்டை உண்மையானது, சுட்டெண் உண்மையானது, நீயும் உண்மையானவன். ஆனால் உன் பரீட்சை நிலையம் ஒன்று, நீ போய் நிற்பது வேறொன்று. அங்கிருக்கிற மேற்பார்வையாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு "உன் பெயர் இங்க இல்ல" என்றுதான் சொல்வார். அதற்காக உன் அட்டை கள்ள அட்டை இல்லை. உரிய நிலையத்துக்குப் போனால் அதே அட்டை செல்லும்.

அந்தப் பையன் சொன்னதும் அதுதான். "கோட் செத்துப் போகல்ல சேர். பிழையான எகவுண்டில அடிச்சா அது செலவாகாது. அப்பிடியே வையுங்க. திரும்பத் திரும்ப அடிச்சுப் பாக்காதீங்க. 'நான் அடிச்சுத் தாறன்'னு பேஸ்புக்கில வாறவங்களுக்குப் படத்த அனுப்பிடாதீங்க. அனுப்பினா மட்டுந்தான் காசு போகும்."

அப்படியென்றால் மகனின் கணக்கில் நாட்டைக் கட்டார் என்று மாற்றிவிடலாமே என்று கேட்டேன். முடியாது. கணக்குத் திறக்கும்போது போட்ட நாட்டைப் பிறகு மாற்ற விடுவதில்லை. புதுக் கணக்குத்தான் திறக்க வேண்டும். பழைய கணக்கில் வாங்கிய கேம்கள் பழைய கணக்கிலேயே இருக்கும், புதியதுக்கு வராது.

இங்கே எனக்கு ஒரு தயக்கம் வந்தது. மகனுக்கு இன்னொரு கணக்கைத் திறந்து, அதில் தோஹாவில் ஒரு பொய் விலாசத்தைப் போடுவதா? ஒரிகன் விலாசமே நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை. ஆனால் வகுப்பில் பொய் சொல்லாதே என்று சொல்லிவிட்டு, வீட்டில் மகனின் பக்கத்தில் இருந்து பொய் விலாசம் அடித்துக் கொடுக்க என்னால் முடியாது. யோசித்தபோது விடை லேசாக இருந்தது. உண்மையாகவே கட்டாரில் இருப்பவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருக்கிறார். கார்டை வாங்கியவரும் அவர்தான். கணக்கை அவர் பெயரில், அவர் விலாசத்தில் அவரே திறந்தால் அதில் பொய் எதுவும் இல்லை.

மச்சான் தோஹாவில் இருந்தபடியே தன் போனில் கணக்கைத் திறந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, எங்கள் வீட்டு விறாந்தையில் மகனின் பக்கத்தில் அமர்ந்து மீதியைச் செய்தார். நான் பார்த்துக் குறித்துக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் மெஷினில் New User என்று புதிய பாவனையாளரைச் சேர்த்து, மச்சான் தன் கணக்கோடு உள்ளே போனார். மகனின் கணக்கை நாங்கள் தொடவே இல்லை. அது பக்கத்தில் அப்படியே இருந்தது. பிறகு மச்சானின் கணக்கில் இருந்தபடி கடைக்குள் போய், Redeem Codes என்ற இடத்தில் அந்தப் பழைய கோடை அடித்தார். இரண்டு மாதத்துக்கு மேல் பெட்டகத்துக்குள் கிடந்த கோட். ஒரே தடவையில் 50 டொலரும் ஏறியது. மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன சொல்ல? "மகன், அண்டைக்கு நான் கேட்டது பிழை" என்றேன். "பரவாயில்ல வாப்பா" என்றுவிட்டுத் திரையைப் பார்த்தான். பெரிய மனுசன்.

கேமை வாங்கி டவுன்லோட் போட்டோம். இரவு டேட்டாவில் இரண்டு இரவு ஓடியது.

அடுத்ததுதான் முக்கியமான படி. கேம் மச்சானின் கணக்கில் வாங்கியது. மகன் தன் சொந்தக் கணக்கில் விளையாட வேண்டும். அதற்கு மச்சானின் கணக்கில் இருக்கும்போது Settings உள்ளே Account Management போய், Activate as Your Primary PS4 என்பதை அழுத்தினோம். அதாவது இந்தக் கணக்குக்கு இதுதான் சொந்த மெஷின் என்று சொல்கிறோம். அப்படிச் செய்தால், அந்தக் கணக்கில் வாங்கிய கேமை அதே மெஷினில் உள்ள மற்றப் பாவனையாளர்களும் விளையாடலாம். மகன் தன் பழைய பெயரில் உள்ளே போனான், கேம் திறந்தது. அவன் விளையாடுவது அவன் பெயரிலேயே பதிவாகிறது.

இதற்கு ஒரு எல்லை இருக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரு பிளேஸ்டேஷன் 4 மட்டும்தான் அப்படிச் சொந்த மெஷினாக இருக்கலாம். நாளைக்கு மச்சான் தோஹாவில் தனக்கு ஒன்று வாங்கி அங்கே அதே படியைச் செய்தால், இங்கே மகனுக்கு அந்தக் கேமில் பூட்டு விழும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களுக்கு இதே வசதி Console Sharing and Offline Play என்ற பெயரில் இருக்கிறது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, மகன் இன்னொரு கிடங்கில் விழப் பார்த்தான். அந்தக் கேமுக்கு மேலதிக அணிகள், மைதானங்கள் என்று தனியாகச் சின்னப் பொதிகள் விற்கிறார்கள். அவனுடைய அமெரிக்கக் கணக்கில் பழைய காசு கொஞ்சம் கிடந்தது. அதில் வாங்கப் போனான். நல்ல வேளை, முதலில் கடைப் பையனிடம் கேட்டோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மேலதிகப் பொதி எந்த நாட்டுக் கடையில் வாங்கியதோ, கேமும் அந்தப் பிராந்தியத்துக்கு உரிய பதிப்பாக இருக்க வேண்டும். கட்டார் கடையின் கேமும் அமெரிக்கக் கடையின் பொதியும் பெயரில் ஒன்றுதான். ஆனால் கேம் தன் பதிப்பின் பொதியை மட்டும்தான் தேடும். காசு போகும், பொதி ஒழுங்காக டவுன்லோட் ஆகும், கேமுக்குள் போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

டிஸ்க் வாங்குகிறவர்களும் இதைக் கவனியுங்கள். பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் பொதுவாக எந்த நாட்டு மெஷினிலும் ஓடும். டுபாயில் வாங்கிய டிஸ்க் இங்கே நன்றாக ஓடும். அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடுவோம். மேலதிகப் பொதி வாங்கும்போதுதான் அது தெரியவரும். டிஸ்க்கிலும் பெட்டியின் முதுகிலும் CUSA என்று தொடங்கி ஐந்து இலக்கம் இருக்கும். அதுதான் பதிப்பின் அடையாளம். ஒரே கேமின் அமெரிக்கப் பெட்டியிலும் வளைகுடாவில் விற்கும் பெட்டியிலும் அந்த இலக்கம் பெரும்பாலும் வேறாக இருக்கும். வளைகுடாவில் இருந்து டிஸ்க் வந்தால், பொதியை அமெரிக்கக் கணக்கில் வாங்காதீர்கள்.

கொம்பியூட்டரில் ஸ்டீம் பாவிக்கிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் வேறு. அதில் இலங்கை இருக்கிறது, எனவே பிள்ளை உண்மையான நாட்டிலேயே கணக்கு வைத்திருக்கலாம். ஆனாலும் வேறு நாட்டுக்கென்று விற்ற மலிவுக் கோடை யாரிடமாவது வாங்கினால் ஏற்காமல் போகலாம். அங்கே வருகிற செய்தி கொஞ்சம் தெளிவானது. இந்த நாட்டில் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, கடைசியில் Your product key has not been redeemed என்று இருந்தால் கோட் இன்னும் உயிரோடு இருக்கிறது, விற்றவரிடம் காசைத் திருப்பிக் கேட்கலாம். வேறு கணக்கில் ஏற்கெனவே பாவித்தது என்று வந்தால் அது வேறு கதை, விற்றவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு செய்தியில் எது வந்தாலும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு சண்டைக்குப் போங்கள். நாங்கள் சண்டைக்கு முதலில் போனோம்.

வெளிநாட்டில் இருக்கிற மாமாமார், பெரியப்பாமார் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். கார்ட் வாங்குவதற்கு முந்தி, பிள்ளையிடம் "உன் எகவுண்ட் எந்த நாடு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவனுக்கே மறந்திருக்கலாம். மெஷினில் Account Management உள்ளே Account Information இல் பார்க்கச் சொல்லுங்கள். அல்லது போனில் தன் கணக்கோடு பிளேஸ்டேஷன் கடைப் பக்கத்துக்குள் போய், மேலே விலாசத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். en-us என்றால் அமெரிக்கா, en-qa என்றால் கட்டார், en-ae என்றால் அமீரகம். அதே நாட்டுக் கார்டை வாங்குங்கள். கார்டில் டொலர் என்று இருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கோடைப் பத்திரமாக வையுங்கள், காசு பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

மச்சான் விடுமுறை முடிந்து திரும்பிப் போன அடுத்த வெள்ளிக்கிழமை, அந்தக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டாராம். கடைக்காரருக்கு முதலில் ஆளையே ஞாபகம் வரவில்லையாம். பிறகு சிரித்துவிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். "இப்பிடிச் சண்டைக்கு வாறவங்க மாசத்துக்கு ரெண்டு மூணு பேர், மன்னிப்புக் கேட்டு வந்தது நீங்க மட்டுந்தான்" என்று சொன்னாராம்.

மகன் இப்போது பின்னேரம் அரை மணித்தியாலம் விளையாடுகிறான். நேற்று என்னையும் துடுப்பெடுத்தாடச் சொன்னான். முதல் பந்திலேயே போல்ட்.